சோகை எரியும் சாலையில் செய்யக்கூடாத தவறுகள்

தை, மாசி மாதங்களில் விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் விடிகாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது பழக்கப்பட்ட காட்சி. கரும்பு வெட்டி முடித்த வயலில் மிஞ்சிக் கிடக்கும் காய்ந்த இலையான சோகையைக் கொளுத்திவிடுகிறார்கள். பகலில் கொளுத்தினால் புகை மேலே எழும்பிக் காற்றோடு போய்விடும். சாயங்காலம் கொளுத்தியது அப்படிப் போகாது. இரவில் தரை குளிர்ந்துவிடுகிறது, அதற்கு மேலே இருக்கும் காற்றோ தரையைவிட வெதுவெதுப்பாக இருக்கிறது. அந்த வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் புகையைக் கீழேயே அமுக்கி வைக்கும். ஓடைப் பாலம், ஏரிக்கரை ஓரம் என்று பள்ளமான இடமாகப் பார்த்து அது படுத்துக்கொள்ளும். அதன்மேல் பனியும் இறங்கினால் புகைத் துகள்கள் ஒவ்வொன்றிலும் ஈரம் பிடித்து, தனிப் புகையையும் தனிப் பனியையும்விடப் பல மடங்கு கெட்டியான ஒன்று உருவாகிறது. அமெரிக்காவில் இதை ‘சூப்பர் ஃபாக்’ என்கிறார்கள். அதற்குள் 3 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. பானெட்டைத் தாண்டி இரண்டு அடி வைத்தால் அவ்வளவுதான்.

இதைச் சாதாரண மூடுபனி மாதிரி நினைப்பதுதான் முதல் தவறு. மூடுபனி ஊர் முழுக்க இருக்கும். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தெரிந்துவிடும், அதற்கேற்ற வேகத்தில்தான் போவோம். புகை திட்டுத் திட்டாக இருக்கும். ஐந்து கிலோமீட்டர் தெளிவாக வந்திருப்போம், அடுத்த 200 மீட்டர் இருட்டு, அப்புறம் மறுபடி தெளிவு. “சின்னப் புகைதான், ஒரே அழுத்தாகத் தாண்டிவிடலாம்” என்று தோன்றுவது இதனால்தான். அந்த 200 மீட்டருக்குள் ஏற்கெனவே ஒருவர் பயந்துபோய் பிரேக் போட்டு நின்றிருக்கலாம் என்பது அப்போது மனதில் வராது.

ஒரு தடவை நானும் அப்படித்தான் நுழைந்தேன். காலை ஐந்தேகால் இருக்கும். முன்னால் ஒரு லாரி, அதன் இரண்டு சிவப்பு விளக்குகளும் புகைக்குள் நன்றாகவே தெரிந்தன. அதையே பிடித்துக்கொண்டு 60-ல் போனேன். திடீரென்று லாரி வலப்பக்கம் ஒதுங்கியது. எதற்கு ஒதுங்குகிறார் என்று யோசிப்பதற்குள் என் எதிரே கரும்புச் சுமை. டிராக்டர் டிரெய்லர், பின்னால் விளக்கே இல்லை. இருந்திருந்தாலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த கரும்பு மறைத்திருக்கும். லாரி டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருந்ததால் அவருக்குச் சற்று முன்னதாகத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. வண்டி நின்றபோது கண்ணாடிக்கு முன்னால் கரும்பு நுனிகள் ஆடிக்கொண்டிருந்தன.

நான் செய்த தவறை வெறும் வேகம் என்று சொல்லிவிட முடியாது. எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதை லாரியின் விளக்கை வைத்து அளந்தேன். எரியும் விளக்கு புகைக்குள் வெகுதூரம் தெரியும். விளக்கில்லாத டிரெய்லர், மாடு, சைக்கிளில் போகும் பால்காரர், கவிழ்ந்து கிடக்கும் வண்டி எதுவும் அதில் பாதித் தூரத்துக்குக்கூடத் தெரியாது. ஆகவே விளக்கை விட்டுவிட்டு, தானாக ஒளிராத எதையாவது பார்க்க வேண்டும். சாலையோரப் புளியமரம், பாலத்தின் கைப்பிடிச் சுவர், மீடியனில் இருக்கும் அரளிச் செடி எதுவானாலும் சரி.

அதை வைத்து ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு மரம் புகையிலிருந்து வெளிப்பட்டுக் கண்ணுக்குத் தெரிந்த நொடியில் எண்ண ஆரம்பியுங்கள்: ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று, ஆயிரத்து நான்கு. நிதானமாகச் சொன்னால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு விநாடி. நான்கு எண்ணி முடிப்பதற்குள் மரம் உங்களைத் தாண்டிவிட்டால் வேகம் அதிகம். தாண்டாதபடி வேகம் இறங்கும்வரை ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தே வைத்திருக்க வேண்டும்.

ஏன் நான்கு? 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 17 மீட்டர் ஓடுகிறது. எதிரே இருப்பது என்ன என்று புரிந்து பிரேக்கில் கால் வைப்பதற்குள் இரண்டு விநாடி போய்விடும். புகையில் உருவம் மங்கலாகத்தான் தெரியும் என்பதால் அதற்குக் குறைவாகக் கணக்குப் போடாதீர்கள். அந்த இரண்டு விநாடியில் 33 மீட்டர் ஓடியாகிவிட்டது. அப்புறம் நல்ல டயர், காய்ந்த சாலை என்றால் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 23 மீட்டர். மொத்தம் 56 மீட்டர். நான்கு விநாடிக்கு 67 மீட்டர் கிடைக்கிறது, கொஞ்சம் மிச்சம் இருக்கும். 40-ல் போனால் நிற்க 32 மீட்டர் போதும். சுமை ஏற்றிய லாரிக்கும் ஈரமான சாலைக்கும் நான்கு போதாது, ஆறு எண்ண வேண்டும். ஸ்பீடோமீட்டரையும் அடிக்கடி பாருங்கள். பக்கவாட்டில் வயலும் மரமும் தெரியாதபோது வண்டி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது.

எண்ணிப் பார்த்து 20-க்குக் கீழே இறங்க வேண்டியிருந்தால், அந்தச் சாலையில் தொடர்ந்து போகவே கூடாது. நால்வழிச் சாலையில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்வது முன்னால் இருப்பதை இடிக்காமல் காப்பாற்றும். பின்னால் 80-ல் வருபவரிடமிருந்து காப்பாற்றாது.

சரி, விளக்குக்கு வருவோம். புகையில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் துகள்களில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும், எதிரே வெள்ளைத் துணி கட்டியதுபோல் ஆகிவிடும். இது பெரும்பாலானவர்களுக்குத் தெரியும், போட்ட உடனே அணைத்தும் விடுவார்கள். நிறையப் பேர் கவனிக்காதது வண்டியின் பின்பக்கம். இப்போது வரும் கார்கள் பலவற்றில் பகலிலும் முன்னால் வெள்ளை விளக்கு எரிகிறது, டேஷ்போர்டும் ஒளிர்கிறது. விளக்குப் போட்டாயிற்று என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் பல மாடல்களில் அந்த விளக்கு எரியும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரிவதில்லை. ‘ஆட்டோ’வில் வைத்திருந்தாலும் நம்ப முடியாது. அந்த சென்சார் இருட்டா வெளிச்சமா என்று மட்டும்தான் பார்க்கிறது. காலை ஏழு மணிப் புகை அதற்கு வெளிச்சம்தான். ஆகவே கையால் திருகி லோ பீம் போடுங்கள், பின் விளக்கும் சேர்ந்து எரியும். உங்கள் வண்டியில் எப்படி என்று ஒருநாள் வீட்டு வாசலில் நிறுத்தி, பின்னால் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. பின்பக்க ஃபாக் லாம்ப் இருந்தால் அதையும் போடலாம், வெளியே வந்ததும் மறக்காமல் அணைக்க வேண்டும்.

நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டுவது நம்மூரில் கிட்டத்தட்ட சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. மழைக்கும் போடுகிறார்கள், புகைக்கும் போடுகிறார்கள். பின்னால் வருபவருக்கு அது சொல்லும் செய்தி ‘இந்த வண்டி நிற்கிறது’ என்பது. ஓடுகிற வண்டிகளெல்லாம் அதையே சொன்னால், உண்மையிலேயே நிற்கிற வண்டியை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நீங்கள் இடப்பக்கம் திரும்பப்போகிறீர்கள் என்பதும் தெரியாமல் போகும். முன்னால் போகிறவர்கள் சட்டென்று நின்று, நீங்களும் நிற்க வேண்டிவந்தால் அப்போது போடுங்கள். அதுதான் அதற்குரிய நேரம்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஒன்றும் தெரியவில்லை என்று ஓடுபாதையிலேயே நிறுத்திவிடுவது. பயத்தில் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விடும். தொடர் மோதல்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. நிறுத்தும் முடிவைப் புகைக்கு வெளியே இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். தூரத்தில் சாலைக்குக் குறுக்கே சாம்பல் நிறச் சுவர் தெரிகிறதா, கண்ணாடியில் பின்னால் யார் வருகிறார் என்று பாருங்கள். பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாகத் தொட்டால் பின் விளக்கு மினுக்கி அவரை எச்சரிக்கும். அப்படியே பெட்ரோல் பங்கிலோ டீக்கடை ஓரத்திலோ சர்வீஸ் ரோட்டிலோ இறங்கிவிடுங்கள். வெயில் ஏறினால் அந்த மூடி தானாக உடைந்து புகை மேலே போய்விடும். எட்டு எட்டரைக்குள் ஒரு வழி பிறக்கும்.

உள்ளே மாட்டிக்கொண்டால், தார்ச்சாலையை விட்டு முழுக்கக் கீழே இறங்க முடிகிற இடம்வரை ஊர்ந்து போய் நிறுத்துங்கள். இங்கே ஒரு குழப்பம் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் புழுதிப் புயலில் ஒதுங்கி நின்றால் எல்லா விளக்கையும் அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுக்கச் சொல்கிறார்கள். நான் லாரியைப் பிடித்துக்கொண்டு போனதுபோல், பின்னால் வருபவர் உங்கள் சிவப்பு விளக்கை ஓடுகிற வண்டி என்று நினைத்து சாலையை விட்டு இறங்கி வந்து இடித்துவிடுவார் என்பதால்தான். சாலையிலிருந்து நன்றாக விலகி நிற்க முடிந்தால் அது சரியான யோசனை. நம் சாலைகளில் பல இடங்களில் அவ்வளவு இடம் கிடையாது. வண்டியின் ஒரு பக்கம் தார் மேலேயே நின்றால் விளக்கை அணைக்கக் கூடாது, நாலு இண்டிகேட்டரும் எரியட்டும். உள்ளே இருப்பவர்கள் இறங்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் வயலோரமாகத் தள்ளிப் போய் நிற்க வேண்டும். நெருப்பு அந்தப் பக்கமே எரிந்தால் எதிர்ப் பக்கம் போகச் சாலையைக் கடக்காதீர்கள், சாலையோரமாகவே நடந்து புகையை விட்டு விலகுங்கள்.

விலகிய புகை திரும்பி வரும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2012 ஜனவரி 29 அன்று ஐ-75 நெடுஞ்சாலையில் நடந்தது அதுதான். சதுப்பு நிலத் தீயின் புகையும் பனியும் சேர்ந்ததால் நள்ளிரவு வாக்கில் சாலையை மூடினார்கள். புகை விலகியது என்று பார்த்து விடிவதற்கு முன் மூன்றரை மணி வாக்கில் திறந்தார்கள். அரை மணி நேரத்துக்குள் மறுபடி இறங்கிவிட்டது. லாரிகளும் கார்களுமாக அடுத்தடுத்து மோதியதில் 11 பேர் இறந்தார்கள். முதல் திட்டைத் தாண்டியதும் “அப்பாடா” என்று அழுத்த வேண்டாம். அதே பள்ளத்தில், அதே வயல் வரிசையில் இன்னும் இரண்டு இருக்கும்.

புழுதிக்கும் இதே கணக்குதான். டிப்பர் லாரி கிளப்பிய புழுதிக்குள் முந்தப் போவது மட்டும் தனித் தவறு. எதிரே இன்னொரு டிப்பர் வந்தால் அதற்கும் உங்களைத் தெரியாது.

கடைசியாகக் கண்ணாடி. சாம்பல் படிந்த கண்ணாடியில் வெறும் வைப்பரைப் போட்டால் இழுபட்டுப் பசை மாதிரி அப்பிக்கொள்ளும். எதிரே ஒரு ஹெட்லைட் வந்தால் கண்ணாடி முழுக்கப் பளீரென்று ஆகிவிடும். முதலில் வாஷர் தண்ணீரை நிறையப் பீய்ச்சிவிட்டுத்தான் வைப்பர். உட்பக்கத்தையும் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். நான் தடவியபோது விரலில் பழுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது, பல மாதங்களாக யாரும் துடைத்திருக்கவில்லை. புகைக்குள் போகும்போது ஏசியை உட்காற்றுச் சுழற்சியில் வைத்தால் நெடி உள்ளே வராது. கண்ணாடி உள்ளே வியர்க்க ஆரம்பித்தால் ஏசியை அணைக்காமல் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுங்கள், ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும்.