டீ, காபியில் அடிக்கும் குளோரின் வாடையைப் போக்குவது எப்படி?

டீத்தூளை மாற்றியும் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவியும் கோப்பையில் நீச்சல்குள வாடை போகவில்லையா? அநேகமாகத் தண்ணீர்தான் காரணம்.

முதலில் அதை உறுதி செய்துகொள்ளுங்கள். கண்ணாடி டம்ளரில் பாதி வரை குழாய்த் தண்ணீர் பிடித்து, உள்ளங்கையால் வாயை மூடி நாலைந்து தடவை குலுக்கி, கையை எடுத்த உடனே மோந்து பாருங்கள். கையில் சோப்பு வாசம் இருந்தால் ஏமாந்துவிடுவீர்கள், அதனால் வெறும் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டுச் செய்யுங்கள். வாடை அடித்தால் அடுத்த படி.

அகலமான பாத்திரத்தில் ஒன்றேகால் லிட்டர் ஊற்றி மூடாமல் அடுப்பில் வையுங்கள் (கால் லிட்டர் ஆவியாகப் போவதற்கு). தளதளவென்று கொதிக்க ஆரம்பித்ததிலிருந்து பத்து நிமிடம் விட வேண்டும். எலக்ட்ரிக் கெட்டில் இதற்குச் சரிப்படாது, கொதி வந்ததும் தானாக அணைந்துவிடும். குறுகிய வாய்ப் பாத்திரமும் வேண்டாம், குளோரின் வெளியேறுவது தண்ணீரின் மேற்பரப்பு வழியாகத்தான். அடுப்பை அணைத்து அரை மணி நேரம் அப்படியே விடுங்கள், தூசு விழும் என்றால் மெல்லிய துணியால் மூடலாம், தட்டு போட்டு மூடக்கூடாது.

ஆறியதும் அதே டம்ளர் சோதனை. வாடை இல்லையா? சரி, வேண்டிய அளவை மறுபடி சூடாக்கி டீயோ காபியோ போடலாம். இரண்டாவது தடவை கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள், ரொம்ப நேரம் கொதித்த தண்ணீர் சப்பென்று இருக்கும்.

இவ்வளவு செய்தும் வாடை லேசாக நிற்கிறதென்றால் உங்கள் தண்ணீரில் இருப்பது குளோரமினாக இருக்கலாம். குளோரினோடு அம்மோனியா சேர்ந்தது அது, நீண்ட குழாய்களில் சிதையாமல் தாக்குப்பிடிக்கட்டும் என்றுதான் சில ஊர்களில் சேர்க்கிறார்கள். அந்தப் பிடிவாதத்தால்தான் கொதிக்கவைத்தாலும் சீக்கிரம் போவதில்லை, இன்னும் ஒரு மணி நேரம் எரிபொருளை வீணாக்காதீர்கள்.

இங்கேதான் ஃபில்டர் ஜக் வேண்டும். அதன் கார்ட்ரிட்ஜில் இருக்கும் கார்பன் குளோரினைச் சல்லடை மாதிரி பிடித்து வைப்பதில்லை, தன் மேல் பட்டதும் அதைச் சுவையில்லாத குளோரைடாக மாற்றிவிடுகிறது. புதிய கார்ட்ரிட்ஜைக் கூடவே வரும் தாளில் சொன்னபடி அலசிப் பொருத்தி, முதல் இரண்டு ஜக் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். கறுப்புத் துகள் கொஞ்சம் வரும், அது கரித்தூள்தான், பயப்பட வேண்டாம். குளோரமினுக்குக் கார்பனோடு அதிக நேரம் உறவாட வேண்டும், ஆகவே வடிந்த தண்ணீரையே இன்னொரு தடவை வடிகட்டினால் வித்தியாசம் தெரியும்.

கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் ஒரு மாதம் தாங்கும். ஜக்கின் மூடியிலுள்ள காட்டி பல மாடல்களில் வெறுமனே நாளைத்தான் எண்ணும், நான் அதைவிட டம்ளர் சோதனையைத்தான் நம்புகிறேன்: வாடை திரும்பிய அன்றே மாற்றிவிடுவேன்.

அப்புறம் ஒன்று, ஜக் கிருமியைக் கொல்லாது. குளோரின் போன தண்ணீருக்குக் காவல் இல்லை, எனவே ஃபிரிட்ஜில் வைத்து ஒரு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.