மஃபினுக்குள் சுரங்கம் ஏன் வருகிறது?

வாழைப்பழ மஃபின் வெளியே அழகாக உப்பி வரும், ஆனால் உச்சி கூம்பு மாதிரி நிற்கும், வெட்டிப் பார்த்தால் அடியிலிருந்து மேலே போகும் நீளமான ஓட்டைகள், கடித்தால் ரப்பர். என் வீட்டில் கொஞ்ச நாள் இதே கதைதான். பேக்கிங் பவுடர் மேல் சந்தேகப்பட்டு டப்பாவை மாற்றியும் பார்த்தேன், பலனில்லை.

காரணம் கலக்கும் விதம். மைதாவில் ஈரம் பட்டதும் குளூட்டன் என்ற இழுவையான புரதம் உருவாக ஆரம்பிக்கும், கிளறக் கிளற அது இறுகும். வேகும்போது பேக்கிங் பவுடரிலிருந்து வரும் வாயு அந்த இறுகிய மாவில் பரவ முடியாமல் ஒரே வழியாக மேலே முட்டிக்கொண்டு போகிறது, அதுதான் சுரங்கம். வெண்ணெயும் சர்க்கரையும் குறைவான மாவில் இது சீக்கிரம் நடக்கும்.

இப்போது 2 கப் மைதா, 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் விஸ்க்கால் முதலிலேயே நன்றாகக் கலந்துவிடுகிறேன். முட்டை, சர்க்கரை, எண்ணெய், பால், மசித்த பழம் தனிக் கிண்ணத்தில். இதை எவ்வளவு அடித்தாலும் பரவாயில்லை. அப்புறம் மைதா நடுவில் குழி செய்து ஈரக் கலவை முழுவதையும் ஒரே தடவையில் ஊற்றி, ஸ்பேச்சுலாவால் அடியிலிருந்து மேலே மடித்துவிடுகிறேன். பத்துப் பதினைந்து மடிப்பு போதும். உலர்ந்த மாவு கண்ணில் படக்கூடாது, ஆனால் சின்னக் கட்டிகள் இருக்கலாம், வேகும்போது கரைந்துவிடும். நட்ஸ் போடுவதென்றால் மாவுக் கோடுகள் கொஞ்சம் தெரியும்போதே போட்டுவிடுங்கள். அச்சில் ஊற்றும்போதும் கிண்ணத்தைக் கிளறாமல் ஓரத்திலிருந்து அள்ளுங்கள்.