கூட்டாண்மைக் கடையைக் கலைக்கும்போது கணக்கில் நேரும் தவறுகள்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் மூன்று கூட்டாளிகள் லாபநட்டத்தைச் சரிசமமாகப் பகிர்ந்து நடத்திய ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நான் அமைத்த கணக்கு. கடையை மூட முடிவெடுத்த நாளில் வங்கியில் 8,000 வெள்ளியும், ஏட்டு மதிப்பில் சரக்கு 60,000, வாடிக்கையாளர் பாக்கி 20,000, அலமாரிகளும் குளிர்பெட்டிகளும் 16,000, வேன் 24,000 வெள்ளியும் இருந்தன. வெளியாருக்குத் தர வேண்டியது 35,000 வெள்ளி. முதல் கூட்டாளி தம் மூலதனமான 40,000 வெள்ளிக்கு மேல் 15,000 வெள்ளியைக் கடையின் அவசரத்துக்குக் கடனாகவும் கொடுத்திருந்தார். இரண்டாமவரின் மூலதனம் 30,000, மூன்றாமவருடையது 8,000.

சொத்துகளைப் பணமாக்குவதில் வரும் லாபநட்டத்தை அறிவதற்காகவே ரியலைசேஷன் கணக்கு எனப்படும் தீர்வுக் கணக்கு திறக்கப்படுகிறது. ஏற்கெனவே பணமாக உள்ள வங்கி இருப்பு அதற்குள் போகக் கூடாது. மற்ற நான்கு சொத்துகளின் ஏட்டு மதிப்பான 1,20,000 வெள்ளி பற்றுப் பக்கத்தில் அமரும். சரக்கு 42,000 வெள்ளிக்கும் அலமாரிகளும் குளிர்பெட்டிகளும் 7,000 வெள்ளிக்கும் விலைபோயின, பாக்கியில் 17,000 வெள்ளி வசூலாயிற்று, விற்பனைச் செலவு 3,000 வெள்ளி ஆயிற்று.

வேனை இரண்டாமவர் 12,000 வெள்ளிக்குத் தாமே எடுத்துக்கொண்டார். பணம் கைமாறவில்லை என்பதால் இதைப் பதியாமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அந்த 12,000 தீர்வுக் கணக்கில் வரவாகவும் அவருடைய மூலதனக் கணக்கில் பற்றாகவும் ஏறியாக வேண்டும். ஏறினால் நட்டம் 45,000 வெள்ளி, ஆளுக்கு 15,000. ஏறாவிட்டால் நட்டம் 57,000 என்று காட்டி, மற்ற இருவரும் தலைக்கு 4,000 வெள்ளி இழக்க, வேனும் 8,000 வெள்ளியும் ஒருவருக்கே சேர்ந்துவிடும்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத தவறு முதல் கூட்டாளியின் கடனில் இருக்கிறது. பொறுப்புகள் எல்லாவற்றையும் தீர்வுக் கணக்கின் வரவுப் பக்கத்துக்கு மாற்றும் பழக்கத்தில் அந்த 15,000 வெள்ளியையும் மாற்றி, திருப்பிக் கொடுத்ததற்கான பற்றை எழுதாமல் விட்டால், நட்டம் 30,000 ஆகச் சுருங்கும். ஒருவர் கொடுத்த கடன் ஆளுக்கு 5,000 வீதம் மூவரின் லாபமாகக் கரைந்துவிடும். எனவே கூட்டாளியின் கடனுக்குத் தனிக் கணக்கை வைத்து, அங்கிருந்தே தீர்ப்பது பாதுகாப்பானது.

கொடுக்கும் வரிசையில்தான் உறவுகள் முறிகின்றன. சிங்கப்பூரில் நடைமுறையிலுள்ள 1890ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது, முதலில் வெளியாரின் கடன்களும், அடுத்துக் கூட்டாளிகள் தந்த கடன்களும், அதன்பின் மூலதனமும் தீர்க்கப்பட்டு, எஞ்சியது லாப விகிதத்தில் பகிரப்படும். சரக்கு விற்ற பணம் வந்த வாரத்திலேயே "என் கடன்தானே" என்று முதல் கூட்டாளி 15,000 வெள்ளியை எடுத்துக்கொள்வது இதனால் தவறாகிறது. மொத்த வியாபாரியின் பில், ஊழியர்களின் மத்திய சேமநிதிச் சந்தா, உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குச் சேர வேண்டிய பொருள் சேவை வரி ஆகியவை அவருக்கு முன்னால் நிற்பவை. கூட்டாளிகள் தமக்குள் செய்யும் உடன்பாடு இந்த வெளியாரைக் கட்டுப்படுத்தாது. கடையின் பணம் போதாமல் போனால் அவர்கள் கூட்டாளிகளின் சொந்தச் சொத்தைத் தேடி வரலாம்.

எங்கள் கணக்கில் வங்கி இருப்பும் வசூலும் சேர்ந்து 74,000 வெள்ளி. செலவு 3,000 போக 71,000, வெளியாருக்கு 35,000 போக 36,000, முதலாமவரின் கடன் 15,000 போக 21,000 மிஞ்சும். மூலதனக் கணக்குகளில் முதலாமவருக்கு 25,000 வெள்ளியும் இரண்டாமவருக்கு, வேனைக் கழித்தபின், 3,000 வெள்ளியும் வர வேண்டும். மூன்றாமவரின் கணக்கில் 15,000 நட்டம் 8,000 மூலதனத்தை விழுங்கி, 7,000 வெள்ளி குறைகிறது. அதை அவர் சொந்தப் பணத்திலிருந்து கொண்டுவந்தால் கையில் 28,000 ஆகி, இருவருக்கும் சரியாகப் போய்ச் சேரும். இந்த இறுதிக் கட்டத்தில் தொகை ஒரு வெள்ளிகூட மிஞ்சாமலும் குறையாமலும் முடிய வேண்டும். முடியாவிட்டால் எங்கோ ஒரு பதிவு விடுபட்டிருக்கிறது.

மூன்றாமவர் நொடித்துப்போனால் அந்த 7,000 வெள்ளியை மற்ற இருவரும் சரிபாதியாகத் தாங்க வேண்டும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். கார்னர் எதிர் முர்ரே என்ற 1904ஆம் ஆண்டின் ஆங்கிலேயத் தீர்ப்பு இதை ஏற்கவில்லை. அதன்படி, தம் பங்கு வியாபார நட்டத்தைத் தாங்கிய கூட்டாளிகள், நொடித்தவரின் குறையை லாப விகிதத்தில் அன்றி, கலைப்புக்கு முன் கடைசியாக ஒப்புக்கொண்ட மூலதன விகிதத்தில் சுமக்க வேண்டும். இங்கே அது 40,000க்கு 30,000, அதாவது 4:3. முதலாமவர் 4,000 வெள்ளி தாங்கி 21,000 பெறுவார். இரண்டாமவர் 3,000 தாங்கி, ஒன்றும் பெறாமலும் ஒன்றும் தராமலும் விலகுவார். சரிபாதியாகப் பிரித்திருந்தால் அவர் கையிலிருந்து 500 வெள்ளி கொடுக்க நேர்ந்திருக்கும். கூட்டாண்மை ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு எழுதப்பட்டிருந்தால் அதுவே செல்லும் என்பதால், கணக்கேட்டைத் திறக்கும் முன்பே அந்த ஒப்பந்தத்தைப் படித்துவிட வேண்டும்.