எடிட் செய்யும் முன்: ஸ்பெக்ட்ரோகிராமில் இரைச்சலைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் ஒரு பதிவைத் திறந்ததும் தெரியும் அலைவடிவம், ஒலி எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று மட்டும்தான் சொல்லும். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்க்க ஸ்பெக்ட்ரோகிராம் வேண்டும். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அதிர்வெண். நிறம் பிரகாசமாக இருந்தால் அங்கே ஒலி அதிகம்.

உதாரணத்துக்கு, சார்ஜரில் மாட்டிய லேப்டாப்பில் யூஎஸ்பி மைக் வைத்து வீட்டில் எடுத்த ஒரு பேட்டியை எடுத்துக்கொள்வோம். 44,100 ஹெர்ட்ஸ் பதிவு, அதாவது நொடிக்கு 44,100 சாம்பிள்களாக ஒலியை அளந்து எடுத்தது.

படி 1: காட்சியை மாற்றுங்கள்

டிராக்கின் இடப்பக்கம், பெயருக்கு அருகில் உள்ள மெனுவில் `Spectrogram` என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே மெனுவில் `Spectrogram Settings` இருக்கும். இனி எல்லா வேலையும் அதில்தான்.

படி 2: யாரும் பேசாத இடத்துக்குப் போங்கள்

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இரண்டு மூன்று நொடி மௌனம் இருக்குமே, அந்த இடம். அங்கே பிரகாசமாகத் தெரிகிற எதுவும் பேசியவரின் குரல் அல்ல.

படி 3: ஹம் தேட, பெரிய விண்டோ

ஹம் என்பது மின்சாரத்திலிருந்து பதிவில் கலந்துவிடும் ரீங்காரம்.

```
Scale: Linear
Max Frequency: 1000
Window Size: 16384
```

விண்டோ சைஸ் என்பது படம் வரைய ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிள்களை எடுக்கிறது என்ற எண். அதை ஏன் மாற்ற வேண்டும்? 2048 என்று வைத்தால், 44,100-ஐ 2048-ஆல் வகுத்து வரும் சுமார் 21.5 ஹெர்ட்ஸ் அளவுக்குத்தான் படம் பிரித்துக் காட்டும். 50 ஹெர்ட்ஸ் ஹம், அதற்குக் கீழே கிடக்கும் உறுமலோடு குழம்பிவிடும். 16384-இல் அது 2.7 ஹெர்ட்ஸாகக் குறைவதால் கோடுகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் 50, 100, 150, 200 என்று கிடைக்கோடுகளைத் தேடுங்கள். குரலும் சம இடைவெளிக் கோடுகளாகத்தான் தெரியும். ஆனால் குரலின் கோடுகள் வளையும், ஏறும், இறங்கும், மூச்சு விடும்போது அறுபடும். ஹம்மின் கோடு ஆள் பேசினாலும் பேசாவிட்டாலும் அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி நேராகவே போகும்.

எந்தக் கோடு அதிகப் பிரகாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பலர் 50-இல் மட்டும், ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரைப் போட்டுவிட்டு ஹம் போகவில்லை என்பார்கள். ஃபோன் ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் அநேகமாகக் கேட்கவே கேட்காது. காதில் விழுவது 100-க்கு மேல் உள்ள கோடுகள். அவை ஒவ்வொன்றுக்கும் தனி நாட்ச் தேவை.

படி 4: க்ளிக் தேட, சின்ன விண்டோ

இப்போது `Window Size: 256`, `Max Frequency: 20000`. பெரிய விண்டோவில் ஒரு க்ளிக் கிட்டத்தட்ட 0.37 நொடி அகலத்துக்குப் பூசப்பட்டுவிடும். 256-இல் அது சுமார் 6 மில்லிநொடி. ஊசி போல மெல்லிய செங்குத்துக் கோடாக நிற்கும்.

கீழிருந்து உச்சி வரை முழு உயரத்துக்கும் போகிற கோடு, பெரும்பாலும் பதிவில் சில சாம்பிள்கள் விட்டுப்போன இடம் அல்லது சரியாக ஒட்டாத வெட்டு. அடிப்பகுதியில் ஒன்றும் இல்லாமல் நடுவிலும் மேலேயும் மட்டும் தெரிந்து, வார்த்தை தொடங்கும் முன் வந்தால் அது வாய்ச் சத்தம்.

தமிழ்ப் பேச்சில் ஒரு பொறி உண்டு. 'பட்டு', 'பக்கம்' போன்ற சொற்களில் இரட்டை எழுத்தின்போது ஒரு கணம் மௌனம், உடனே ஒரு செங்குத்துக் கோடு. பார்த்தால் அசல் க்ளிக்தான்! அதை அழித்தால் எழுத்தே போய்விடும். கோட்டை ஒட்டியே உயிரொலியின் பட்டைகள் தொடங்கினால் கை வைக்காதீர்கள். சந்தேகம் என்றால் போட்டுக் கேளுங்கள்.

உண்மையான க்ளிக் ஒவ்வொன்றிலும் `Ctrl+B` அழுத்தி லேபிள் வைத்துவிடுங்கள். பிறகு `Repair` கொண்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம். அது ஒரு தடவைக்கு 128 சாம்பிள் வரைதான் ஏற்கும், க்ளிக்குக்குப் பெரும்பாலும் அது போதும்.

படி 5: ஒளிந்திருப்பதை வெளியே கொண்டுவாருங்கள்

விண்டோ சைஸை 4096 ஆக்கி, `Range` மதிப்பை 80-லிருந்து 100-க்கு ஏற்றுங்கள். மெல்லிய ஒலிகளும் நிறம் பெறும். நம் பேட்டியில் 1000, 2000, 3000 ஹெர்ட்ஸில் மங்கலான கோடுகள் வந்தால், மைக்கின் யூஎஸ்பி இணைப்பைச் சந்தேகிக்கலாம். யூஎஸ்பியில் தரவு ஒரு மில்லிநொடிக்கு ஒரு முறை என்ற தாளத்தில் போவதால், அது 1000 ஹெர்ட்ஸ் கீச்சொலியாகக் கசிவதுண்டு. ஹெட்ஃபோனில் கேட்டாலும் பேச்சுக்கு அடியில் தப்பிவிடும். பின்னால் கம்ப்ரஸர் போட்டு ஒலியை உயர்த்தும்போதுதான் தலைகாட்டும்.

ஆனால் `Range`-ஐ ஏற்றினால் எந்தப் பதிவும் அழுக்காகத்தான் தெரியும். பேச்சை உயர்த்திக் கேட்டும் காதில் விழாததை விட்டுவிடலாம், அதைத் துரத்தினால் குரல்தான் கெடும்.

படி 6: திருத்திய பிறகு மறுபடி பாருங்கள்

அமைப்பை மீண்டும் படி 3-க்கு மாற்றுங்கள். நாட்ச் போட்ட இடத்தில் பிரகாசமான கோடு போய் மெல்லிய இருண்ட கோடு இருக்க வேண்டும். அது பட்டையாக அகன்று, குரலின் வளைந்த கோடுகளையும் விழுங்கியிருந்தால் அன்டூ செய்து, நாட்ச் ஃபில்டரின் `Q` மதிப்பைக் கூட்டி மறுபடி போடுங்கள். Q கூடினால் வெட்டு ஒடுங்கும்.