ரிங்டோன் தானாக மாறிவிடுகிறதா?

என் மகள் "அப்பா, போனை எடு!" என்று கத்தும் ஆடியோவை ரிங்டோனாக வைத்திருந்தேன். போனை அணைத்துப் போட்டால் போதும், கம்பெனி டோனுக்கே திரும்பிவிடும். காரணம், அந்த ஆடியோ மெமரி கார்டில் இருந்தது.

ஆண்ட்ராய்டு போன் பெரும்பாலும் ரிங்டோனின் இருப்பிடத்தைத்தான் குறித்துக்கொள்கிறது. போன் ஆன் ஆகும்போது கார்டு சற்றுத் தாமதமாகத்தான் தயாராகும். குறித்த இடத்தில் ஆடியோ இல்லையென்றால் பழைய டோன்தான். வாட்ஸப்பில் வந்த ஆடியோவை நேரடியாக வைத்து, பிறகு இடம் காலி செய்கிறேன் என்று அழித்தாலும் இதே கதைதான்.

ஃபைல் மேனேஜரில் அந்த ஆடியோவை காப்பி செய்து, போனின் சொந்த நினைவகத்தில் உள்ள Ringtones ஃபோல்டரில் போடுங்கள். நோட்டிஃபிகேஷன் டோன் என்றால் Notifications ஃபோல்டர். இல்லாவிட்டால் அதே பெயரில், எழுத்து மாறாமல், உருவாக்கிக்கொள்ளலாம். அப்புறம் செட்டிங்ஸில் ஒலிப் பகுதிக்குப் போய், புதிய காப்பியை மறுபடி தேர்வு செய்யுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். காப்பி செய்தால் மட்டும் போன் தானாக மாறிக்கொள்ளாது.

பட்டியலில் பெயர் வரவில்லையா? ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் வந்துவிடும். வாட்ஸப் டோனை மட்டும் அதன் செட்டிங்ஸிலேயே தனியாக மாற்ற வேண்டும்.