ஒரே மின்னஞ்சலா, தனித்தனியாகவா? அனுப்பும் முன் பிரித்துப் பார்க்கும் முறை

மூன்று விஷயங்களை ஒரே மெயிலில் எழுதி அனுப்பினால், முதல் விஷயத்துக்குப் பதில் வரும். மற்ற இரண்டும் அப்படியே கிடக்கும். படிப்பவர் அலட்சியமானவர் என்பதல்ல காரணம். உடனே முடிகிற ஒன்றுக்குப் பதில் எழுதியதும் அந்த மெயில் முடிந்ததாக அவருக்குத் தோன்றிவிடுகிறது. எங்கே பிரிக்க வேண்டும் என்பதை ஓர் உதாரணத்தை வைத்தே பார்ப்போம்.

1. முதலில் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள்

எழுதும்போதே பிரிக்க முயன்றால் ஏதாவது விடுபடும். To, Cc பெட்டிகளை மட்டும் காலியாக விட்டுவிடுங்கள். பாதியில் தவறுதலாக அனுப்பிவிட முடியாது. வரைவு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

> பதாகையின் புது வடிவமைப்பை இணைத்திருக்கிறேன், புதன்கிழமைக்குள் ஒப்புதல் வேண்டும். வடிவமைப்பாளரின் சென்ற மாத பில் இன்னும் பட்டுவாடா ஆகவில்லை. எனக்கு ஒரு சிறிய அறுவை சிகிச்சை இருப்பதால் வியாழன், வெள்ளி விடுப்பு தேவை.

பெறுநர் மேலாளர், பில் விஷயத்துக்காகக் கணக்குப் பிரிவையும் Cc-யில் சேர்க்க நினைக்கிறீர்கள்.

2. ஒவ்வொரு பத்திக்கும் "யார், என்ன செய்ய வேண்டும்?" என்று குறியுங்கள்

பதாகை: மேலாளர் ஒப்புதல் தர வேண்டும். பில்: கணக்குப் பிரிவு பணம் அனுப்ப வேண்டும், மேலாளருக்குத் தெரிந்தால் போதும். விடுப்பு: மேலாளர் அனுமதிக்க வேண்டும். செய்ய வேண்டியவர் மாறுகிற இடத்தில் மெயிலும் மாற வேண்டும். ஆகவே பில் தனியாகப் போகிறது.

3. "இதை அப்படியே ஃபார்வர்ட் செய்யலாமா?" என்று கேளுங்கள்

மீதி இரண்டும் ஒரே ஆளுக்குத்தான், சேர்த்தே அனுப்பலாமே என்று தோன்றும். ஆனால் மேலாளர் பதாகையை அச்சகத்துக்கு ஃபார்வர்ட் செய்தால், உங்கள் அறுவை சிகிச்சைச் செய்தியும் கூடவே போய்ச் சேரும். அவசரத்தில் யாரும் வரிகளை அழித்துவிட்டு அனுப்புவதில்லை. இந்தக் கேள்வியைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்: உடல்நிலை, சம்பளம், ஒருவரைப் பற்றிய புகார் ஆகியவை வேறு எதனோடும் ஒரே மெயிலில் இருக்கக் கூடாது.

4. சப்ஜெக்ட் வரியை எழுதிப் பாருங்கள்

"பதாகை, மற்றும் சில விஷயங்கள்" என்றுதான் எழுத முடிகிறது என்றால் இன்னும் பிரிக்க வேண்டியிருக்கிறது. பிரித்த பிறகு:

- பதாகை வடிவமைப்பு: புதன்கிழமைக்குள் ஒப்புதல் தேவை (மேலாளருக்கு)
- வடிவமைப்பாளர் பில், சென்ற மாதம்: பட்டுவாடா நிலுவை (கணக்குப் பிரிவுக்கு, மேலாளர் Cc-யில்)
- விடுப்பு: வியாழன், வெள்ளி (மேலாளருக்கு மட்டும்)

இரண்டு மாதம் கழித்து அந்த பில்லைத் தேடும்போதும் இந்தத் தலைப்புதான் கைகொடுக்கும்.

5. அறுந்துபோன தொடர்பை ஒட்டவையுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இங்கேதான். புதன்கிழமை என்று கெடு வைத்ததற்குக் காரணமே வியாழனன்று நீங்கள் இல்லாததுதான். பிரித்ததும் அந்தக் காரணம் விடுப்பு மெயிலுக்குப் போய்விட்டது. பதாகை மெயிலைப் பார்ப்பவருக்குப் புதனும் ஒன்றுதான், வெள்ளியும் ஒன்றுதான். ஆகவே அதில் ஒரு வரி சேருங்கள்: "வியாழன், வெள்ளி நான் அலுவலகத்தில் இருக்க மாட்டேன், திருத்தம் இருந்தால் புதன்கிழமைக்குள் சொன்னால் செய்து முடித்துவிடுவேன்." அறுவை சிகிச்சை பற்றி அங்கே எதுவும் வேண்டாம். வடிவமைப்புக் கோப்பு முதல் மெயிலோடும் பில்லின் நகல் இரண்டாவதோடும் மட்டும் போகட்டும்.

எப்போது பிரிக்கக் கூடாது?

ஒரு பதில் இன்னொன்றைச் சார்ந்திருந்தால் சேர்த்தே அனுப்புங்கள். பதாகையின் அளவு, அதில் வரும் வாசகம், எத்தனை அச்சிட வேண்டும் என்ற மூன்றும் ஒரே முடிவின் பகுதிகள். தனித்தனியாகக் கேட்டால் அளவு ஒரு மெயிலிலும் வாசகம் இன்னொன்றிலும் முடிவாகி, கடைசியில் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கும். ஒரே மெயிலில் 1, 2, 3 என்று எண்ணிட்டுக் கேளுங்கள். பதில் எதிர்பார்க்காத சின்னச் சின்னத் தகவல்களும் ஒரே ஆளுக்கென்றால் ஒன்றாகவே போகலாம்.

பதில் எழுதும்போது புது விஷயம் முளைத்தால்

பதாகை பற்றிய உரையாடலில் Reply all அழுத்தி பில்லைப் பற்றிக் கேட்காதீர்கள். சப்ஜெக்டை மட்டும் மாற்றுவதும் போதாது. ஜிமெயிலில் தலைப்பை மாற்றினால் புது உரையாடலாகப் பிரியும் என்றாலும், பெறுநர் பட்டியலும் கீழே மேற்கோளாக வரும் பழைய மெயில்களும் கூடவே வந்துவிடும். புது மெயிலைத் திறந்து, தேவையான ஒன்றிரண்டு வரிகளை மட்டும் நகலெடுத்து ஒட்டி, உரியவரை மட்டும் To-வில் போடுங்கள். பழைய உரையாடலில் "பில் பற்றிக் கணக்குப் பிரிவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டால், வேறு யாரும் அங்கே அதைத் தொடர மாட்டார்கள்.