லைவில் சேலை விற்கும்போது ஒரே சேலை இரண்டு பேருக்குப் போவது எப்படி?

சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் சேலை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யூடியூப் லைவில் காட்டி விற்கிறோம். நான் சேலையைக் காட்டுவேன், அண்ணி வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பார்கள், அண்ணன் கணக்கும் பார்சலும் பார்த்துக்கொள்வார். ஆரம்பத்தில் சேலை விற்காமல் போய்விடுமோ என்றுதான் பயந்தோம். அது நடக்கவில்லை. ஒற்றைப் பீஸ் சேலையை இரண்டு பேருக்கு விற்றுவிட்டதுதான் நடந்தது. லைவில் பணமும் பேரும் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அந்த ஞாயிறு நடந்ததை அப்படியே சொல்கிறேன். மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் வைத்த சேலை, எண் 17, விலை 850 ரூபாய், ஒரே பீஸ். 7:42க்கு லைவில் காட்டினேன். அதே நிமிடம் திருநெல்வேலியிலிருந்து ஒரு அக்கா ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார். 7:45க்கு ஓசூரிலிருந்து இன்னொருவர் அனுப்பினார். வாட்ஸ்அப்பில் கடைசியாக வந்த மெசேஜ்தானே மேலே நிற்கும்? அண்ணி மேலே இருந்த ஓசூர் சாட்டைத் திறந்து "உங்களுக்கு கன்ஃபார்ம், 920 அனுப்புங்க" என்று போட்டுவிட்டார்கள். 850 சேலைக்கு, 70 கூரியருக்கு. அதே நேரம் லேப்டாப்பில் அதே வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்திருந்த அண்ணன், "எனக்கு உண்டா தம்பி?" என்று மறுபடி கேட்ட திருநெல்வேலி அக்காவுக்கு "உண்டு அக்கா" என்று பதில் போட்டார். பத்து நிமிடத்தில் இரண்டு பேரும் 920 அனுப்பிவிட்டார்கள். சேலை ஒன்று, பணம் இரண்டு.

ஓசூருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பினோம். அவர் அதற்குப் பிறகு எங்களிடம் வாங்கவில்லை. அவர் மேல் தப்பே இல்லை.

இதில் எங்கள் தவறுகள் என்னென்ன என்று பின்னாடி உட்கார்ந்து பார்த்தோம். முதல் தவறு லைவுக்கு முன்பே நடந்திருந்தது. 17ஆம் எண் சேலையை அன்று காலை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டிருந்தோம். ஸ்டேட்டஸ் பார்த்து யாராவது கேட்டிருந்தால் மூன்றாவது ஆளும் வரிசையில் சேர்ந்திருப்பார். லைவுக்கு எடுத்து வைத்த சேலை வேறு எங்கும் விற்பனைக்கு இருக்கக் கூடாது. கடையில் வைத்து விற்பவர்கள் அதைத் தனி ரேக்குக்கு மாற்றிவிடுங்கள். "வாடிக்கையாளர் கேட்டார், கொடுத்துட்டேன்" என்று கடைப் பையன் லைவ் நடுவில் சொல்வதைப் போன்ற சங்கடம் வேறு இல்லை.

எண் போடுவதிலும் தப்பு செய்கிறோம். ஒரு டிசைனில் ஆறு கலர் இருந்தால் ஆறுக்கும் ஒரே எண் கொடுப்பது பலருடைய வழக்கம். ஸ்கிரீன்ஷாட் கொஞ்சம் மங்கலாக வந்தால் பாட்டில் கிரீனா, ராமர் பச்சையா என்று யாருக்கும் தெரியாது. கையில் எத்தனை சேலை இருக்கிறதோ அத்தனை எண் வேண்டும். எழுத்து வேண்டாம், வெறும் எண் போதும். பி, டி, ஜி என்று வாயால் சொன்னால் கேட்பவருக்கு ஒன்று போலவே இருக்கும். எண்ணை அட்டையில் பெரிதாக எழுதி சேலையோடு சேர்த்துப் பிடியுங்கள், ஸ்கிரீன்ஷாட்டில் இரண்டும் விழ வேண்டும். சில ஆப்களில் முன் கேமரா எழுத்தைத் திருப்பிக் காட்டும். அதனால் லைவுக்கு முன்னால் வேறொரு போனில் பார்வையாளராக நுழைந்து ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். சேலையிலேயே எண்ணைக் குத்த வேண்டாம், ஊக்கு ஓட்டை போட்டுவிடும். கவர் மேல் ஸ்டிக்கராக ஒட்டுங்கள்.

எண் போடும்போதே சேலையை முழுசாகப் பிரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பது நல்லது. ரவிக்கைத் துணியோடு சேர்த்து ஆறு மீட்டருக்கு மேல் வரும், மடித்த மடிப்பிலேயே பார்த்துவிட்டு வைத்தால் உள்ளே இருக்கும் இழை விட்ட இடமும் எண்ணெய்க் கறையும் தெரியாது. ஒற்றைப் பீஸ் என்பதால் மாற்றிக் கொடுக்க இன்னொன்று இருக்காது. குறை இருந்தால் லைவில் அந்த இடத்தையே காட்டி விலையைக் குறையுங்கள்.

இப்போது ஆர்டருக்கு வருவோம். இதில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

நாம் காட்டுகிற நொடியிலேயே எல்லோரும் பார்ப்பதில்லை. யூடியூப் லைவ் பார்ப்பவர் போனுக்குப் போய்ச் சேர சில நொடிகளாவது ஆகும், நெட் மெதுவாக இருந்தால் அரை நிமிடம்கூடப் பின்தங்கும். போதாததற்கு, லைவ் ஓடும்போதே பின்னால் இழுத்துப் பார்க்கிற வசதியும் இருக்கிறது. ஓசூர்க்காரர் அப்படித்தான் 17ஐப் பார்த்திருக்க வேண்டும், அந்த நேரம் நான் 20ஆவது சேலையில் இருந்தேன். கம்ப்யூட்டரிலிருந்து லைவ் போடுபவர்கள் ஸ்ட்ரீம் செட்டிங்கில் Enable DVR என்பதை அணைத்துவிட்டால் பின்னால் இழுக்க முடியாது. தாமதத்தையும் அங்கேயே குறைத்துக்கொள்ளலாம், Ultra low-latency என்று ஒரு தேர்வு இருக்கிறது. ஆனால் நெட் சுமாராக இருக்கிற வீட்டில் அதைப் போட்டால் படம் விட்டு விட்டு வரும். எங்கள் வீட்டில் Low latency தான் சரியாக இருக்கிறது.

தாமதத்தை முழுதாக ஒழிக்க முடியாது என்பதால் ஒரு விதி தேவைப்படுகிறது. எங்கள் வாட்ஸ்அப்புக்கு எண்ணோடு வந்த மெசேஜில் யாருடையது முதலோ, சேலை அவருக்கு. லைவ் கமெண்டில் "17 எனக்கு" என்று போட்டால் கணக்கில்லை. ஸ்கிரீன்ஷாட்டின் மூலையில் தெரிகிற மணியும் கணக்கில்லை, அது எடுத்த நேரம்தான், அனுப்பிய நேரம் இல்லை. இதை லைவ் தொடங்கும்போதும் நடுவில் ஒரு தடவையும் சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டால் சண்டை குறைகிறது.

அப்புறம், சாட் வரிசையை நம்பவே கூடாது. கீழேயிருந்து மேலே திறந்து போனால் போதும் என்று முதலில் நினைத்தோம். அதுவும் சரிப்படவில்லை. முதலில் ஆர்டர் போட்டவர் "அக்கா கிடைக்குமா?" என்று இன்னொரு மெசேஜ் போட்டால் அவர் சாட் மேலே ஏறிவிடும், இரண்டாவதாகக் கேட்டவர் கீழே தங்கி முதல் ஆள் போலத் தெரிவார். சாட்டைத் திறந்து, எண் இருக்கிற அந்த மெசேஜின் நேரத்தைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அதனால் மெசேஜ் வந்தவுடனே கன்ஃபார்ம் சொல்வதையே நிறுத்திவிட்டோம். வந்த எல்லோருக்கும் "எண் கிடைத்தது, பத்து நிமிடத்தில் சொல்கிறோம்" என்று ஒரே பதில் போகும். வாட்ஸ்அப் பிசினஸில் இதைக் குயிக் ரிப்ளையாக வைத்துக்கொள்ளலாம். அண்ணி ஒரு நோட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரி போட்டு, கேட்டவர் போன் நம்பரின் கடைசி நான்கு இலக்கத்தையும் நேரத்தையும் எழுதுவார்கள். 17க்கு நேரே முதல் ஆள், இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள். வாட்ஸ்அப் எத்தனை இடத்தில் திறந்திருந்தாலும், நோட்டு ஒன்று, அதில் எழுதும் கை ஒன்று. "உண்டு" என்ற வார்த்தை அந்த நோட்டைப் பார்த்துத்தான் வெளியே போக வேண்டும். எக்ஸெல் ஷீட்டிலும் செய்யலாம், ஆனால் லைவ் அவசரத்தில் எங்களுக்கு நோட்டுதான் கைக்கு வருகிறது.

முதல் ஆளுக்குச் சொல்லும்போதே கெடுவும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் முப்பது நிமிடம் கொடுக்கிறோம். அதற்குள் பணம் வரவில்லை என்றால் "அடுத்தவருக்குப் போகிறது அக்கா" என்று முதல் ஆளுக்குத் தெரிவித்த பிறகுதான் இரண்டாவது ஆளுக்குச் சொல்வோம். இந்த ஒரு மெசேஜை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்றால், முதல் ஆள் நாற்பதாவது நிமிடம் பணத்தை அனுப்பிவிட்டு நிற்பார். மறுபடியும் பழைய கதைதான்.

பணம் வந்ததா என்று பார்ப்பதில் பெரிய தவறு, வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து "பெய்டு" என்று குறிப்பது. அதைத் திருத்த முடியும், பழைய ஸ்கிரீன்ஷாட்டையே மறுபடி அனுப்பவும் முடியும். நல்ல மனுஷர்களிடமும் பணம் பெண்டிங்கில் நின்று, பிறகு அவர்கள் கணக்குக்கே திரும்பிப் போவது உண்டு. நம் வங்கிக் கணக்கில் வரவு தெரிந்தால்தான் வந்த மாதிரி. வங்கி எஸ்எம்எஸ் போலவே போலி எஸ்எம்எஸ்ஸும் வருகிறது, அதனால் ஆப்பைத் திறந்து பாருங்கள்.

பார்த்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே சாயங்காலம் 920 ரூபாய் நாலு தடவை வந்திருக்கும். ஆர்டர் போட்டவர் ஒருவர், பணம் வருவது கணவர் பெயரிலோ மகன் பெயரிலோ. பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு யுபிஐ பரிமாற்றத்துக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. போன்பேயில் அது UTR என்று தெரியும், கூகுள் பேயில் UPI transaction ID என்று இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கத்தைக் கேட்டு வாங்கி, நம் கணக்கில் இருக்கிற எண்ணோடு பொருத்தி நோட்டில் 17க்கு நேரே எழுதிவிட்டால் வேலை முடிந்தது. ஒரே எண்ணை இரண்டு பேர் சொன்னால் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள்.

திருப்பி அனுப்பும்போதும் கவனம் வேண்டும். "தெரியாம 9,200 அனுப்பிட்டேன், மீதியை இந்த நம்பருக்குப் போடுங்க" என்று ஒருவர் கேட்டார். கணக்கில் பார்த்தால் எதுவுமே வரவில்லை. உண்மையிலேயே வந்திருந்தாலும், எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்குத்தான் திருப்ப வேண்டும், வேறு நம்பருக்குக் கூடாது. வந்தது யாரிடமோ ஏமாற்றிய பணமாக இருந்து, இழந்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் சொன்னால், பணம் வந்து சேர்ந்த நம் கணக்கை வங்கி முடக்கி வைக்கக்கூடும். வீட்டுச் செலவுக்கும் லைவ் விற்பனைக்கும் ஒரே கணக்கு வைத்திருப்பவர்கள் அன்று பால் வாங்கக்கூட சிரமப்படுவார்கள். விற்பனைக்கு என்று தனிக் கணக்கு திறந்துவிடுங்கள்.

லைவ் முடிந்ததும் வீடியோவை அப்படியே விட்டுவிடுவது கடைசித் தவறு. திங்கள்கிழமை யாரோ அதைப் பார்த்து 17க்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார்கள், சிலர் கேட்காமலே பணத்தையும் போட்டுவிடுவார்கள். அதனால் அண்ணன் லைவ் முடிந்தவுடன் அந்த வீடியோவை Private ஆக்கிவிடுகிறார். நோட்டில் மீதம் இருக்கிற எண்களை மட்டும் புதிதாகப் படம் எடுத்து, மறுநாள் காலை ஸ்டேட்டஸில் போடுகிறோம்.